ஒரு கைப்பிடி உளுந்தும் 'வித்தியாசம் இல்லை' என்ற வரியும்

என் முதுகலை ஆய்வின் மொத்த முடிவும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். கணக்காகச் சொன்னால் 74 கிராம் உளுந்து. அந்த 74 கிராமைப் பற்றி விவாதப் பகுதியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு மாதம் முழித்தேன். மூன்று முறை எழுதினேன். முதலில் எழுதியது அழுகை, அடுத்தது அடாவடி, மூன்றாவதுதான் ஏட்டில் ஏறியது. அந்த மூன்றையும் அப்படியே சொல்லிவிடுகிறேன். இதே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிற யாருக்காவது உதவும்.

வயல் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் பாசனத்தில். சம்பா அறுவடைக்கு ஏழெட்டு நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தை வீசி விதைப்பார்கள். நெல்லை அறுத்ததும் அடியில் முளைத்த உளுந்து மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் பனியையும் வைத்தே வளர்ந்துவிடும். நெல் தரிசு உளுந்து என்பது இதுதான். நான் போட்டது ஆடுதுறை 3. இந்தப் பயிருக்கு அடியுரம் இட வழியில்லை என்பதால் இலைவழியாகத்தான் ஊட்டம் கொடுப்பார்கள். டி.ஏ.பி.யை முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து, 2 சதவீதக் கரைசலாகப் பூக்கும்போது ஒரு தடவை, 15 நாள் கழித்து ஒரு தடவை தெளிப்பது வழக்கம். என் கேள்வி மிகச் சின்னது: அந்தக் கரைசலில் லிட்டருக்கு 5 மில்லி கடற்பாசிச் சாறு கலந்தால் மகசூல் கூடுமா?

ஐந்து ட்ரீட்மென்ட், நான்கு ரெப்ளிகேஷன், ஆக 20 பாத்தி. ஒவ்வொன்றும் 5 மீட்டருக்கு 4 மீட்டர். தண்ணீர் மட்டும் தெளித்த பாத்திகளில் எக்டருக்கு 498 கிலோ. பாசிச் சாறு மட்டும் தெளித்ததில் 534. டி.ஏ.பி. மட்டும் தெளித்ததில் 621. டி.ஏ.பி.யோடு சாறும் கலந்ததில் 658. ஐந்தாவது ஒரு நுண்ணூட்டக் கலவை, அது 640. அதற்கு இந்தக் கதையில் வேலை இல்லை. சி.டி. எனப்படும் கிரிட்டிக்கல் டிஃபரன்ஸ் மதிப்பு 115. அதாவது இரண்டு சராசரிகளுக்கு நடுவே 115 கிலோவாவது இருந்தால்தான் சிக்னிஃபிகன்ட். நான் கேட்ட கேள்விக்கான வித்தியாசம் 658-க்கும் 621-க்கும் நடுவே இருக்கும் 37 கிலோ. பாத்திக் கணக்கில் அதுதான் 74 கிராம். அட்டவணையில் பக்கத்திலேயே இரண்டு எழுத்து: என்.எஸ்., அதாவது நான்-சிக்னிஃபிகன்ட்.

முதல் தடவை எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "துரதிருஷ்டவசமாக, கடற்பாசிச் சாறு கலந்த பாத்திகளில் மகசூல் எண்ணளவில் கூடியிருந்தும் புள்ளியியல் முக்கியத்துவத்தை எட்டவில்லை. இரண்டாம் தெளிப்புக்குப் பின் பெய்த மழையும், குறைந்த ரெப்ளிகேஷனும், மஞ்சள் தேமல் நோயும் இதற்குக் காரணமாக இருக்கலாம். கூடுதல் ரெப்ளிகேஷனுடன் செய்திருந்தால் தெளிவான பலன் கிடைத்திருக்கும்."

எழுதியபோது இது அடக்கமான பேச்சாகத்தான் எனக்குப் பட்டது. இப்போது படித்தால் இதில் அடக்கமே இல்லை. 'துரதிருஷ்டவசமாக' என்று தொடங்குகிற ஆள், பலன் வந்தே தீர வேண்டும் என்று முதலிலேயே முடிவு கட்டியிருக்கிறான். கடைசி வரி இன்னும் மோசம். "செய்திருந்தால் கிடைத்திருக்கும்" என்பது பார்க்காத ஒன்றுக்கு நான் கொடுத்த உத்தரவாதம். மன்னிப்புக் கேட்கிற வாக்கியத்துக்குள்ளேயே மிகைக்கூற்று உட்கார்ந்திருந்தது. பலன் உண்மையில் இருக்கிறது, என் வயல்தான் காட்டிக்கொடுக்கவில்லை என்ற நம்பிக்கையில்தான் இரண்டுமே பிறக்கின்றன.

மழைக்கதையும் அப்படித்தான். மழை சாறு கலந்த பாத்தியில் மட்டும் பெய்யவில்லை, இருபதிலும் பெய்தது. தேமல் செடிகளை நான் பாத்திவாரியாக எண்ணக்கூட இல்லை. எண்ணாத ஒன்றைக் காரணம் என்று எப்படி எழுதினேனோ.

கைடு படித்துவிட்டு ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: "ஒப்பாரியை எடு." எடுத்தேன். எடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் விழுந்தேன். இரண்டாவது தடவை எழுதியது: "டி.ஏ.பி. கரைசலும், சாறு கலந்த கரைசலும் மகசூலில் ஆன் பார். எனவே கடற்பாசிச் சாறு கலப்பதால் பயனில்லை. விவசாயிகள் இந்த வீண்செலவைத் தவிர்க்கலாம்." நிமிர்ந்து நின்று பேசுகிற தோரணை. எனக்கே பிடித்துவிட்டது.

இந்த 'ஆன் பார்' என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேளாண் ஆய்வேடுகளில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இருக்கும். இரண்டு சராசரிகளுக்கு நடுவேயான வித்தியாசம் சி.டி.யைத் தாண்டவில்லை என்பதுதான் அதன் கணக்கு. ஆனால் சொல்லில் வருவது 'சமம்'. தாண்டவில்லை என்பது வேறு, சமம் என்பது வேறு. இருட்டில் ஆள் தெரியவில்லை என்பதற்கும் ஆளே இல்லை என்பதற்கும் உள்ள தூரம். 1995-இல் ஆல்ட்மன், பிளாண்ட் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதைத்தான் ஒரு சின்னக் குறிப்பாக எழுதினார்கள்: சான்று கிடைக்கவில்லை என்பது, இல்லை என்பதற்கான சான்று ஆகாது. மருத்துவக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் இன்னும் ஆன் பாரை விடவில்லை.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடலூரிலிருந்து பஸ் பிடித்து, இரண்டாவது எழுத்தையும் அட்டவணையையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். விவாதப் பகுதியைத் தொடவே இல்லை. அட்டவணையைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு கூடினா விவசாயி இதுக்குக் காசு போடுவான்?" என்று கேட்டார்.

பதில் என்னிடம் இல்லை. இரண்டு வருடம் வயலில் நின்றவனிடம் இல்லை.

"சரி, உக்காந்து போடு" என்றார். எக்டருக்கு 500 லிட்டர் கரைசல், லிட்டருக்கு 5 மில்லி சாறு என்றால் ஒரு தெளிப்புக்கு 2.5 லிட்டர். இரண்டு தெளிப்புக்கு 5 லிட்டர். நான் வாங்கிய விலை லிட்டர் 350 ரூபாய், ஆக 1,750 ரூபாய். டி.ஏ.பி.யோடு ஒரே டேங்கில் கலப்பதால் தெளிப்புக் கூலி தனியாக இல்லை. உளுந்து கிலோ 70 ரூபாய் என்று வைத்தால், 25 கிலோ கூடினால் போட்ட காசு திரும்பும். அதற்கு மேல் லாபம், கீழே நட்டம்.

அப்புறம் நம்பிக்கை இடைவெளியைப் போடச் சொன்னார். இதற்குப் புதிதாக எந்த மென்பொருளும் வேண்டாம். சி.டி. கையில் இருந்தாலே போதும், ஏனென்றால் சி.டி. என்பதே அந்த இடைவெளியின் பாதி அகலம்.

```
37 ± (2.179 × 52.6)
37 ± 115
−78 முதல் +152 வரை
```

2.179 என்பது பிழைக்கான 12 கட்டின்மைப் பாகைக்குரிய டி மதிப்பு, 52.6 என்பது எஸ்.இ.டி., அதாவது இரண்டு சராசரிகளின் வித்தியாசத்துக்கான திட்டப் பிழை. இரண்டுமே என் அட்டவணையின் அடியில் இரண்டு மாதமாகக் கிடந்தவைதான்.

அவர் ஒரு தாளில் நீளமாகக் கோடு போட்டு, இடது ஓரத்தில் கழித்தல் 78, வலது ஓரத்தில் 152 என்று எழுதினார். நடுவில் 0, அதற்குக் கொஞ்சம் தள்ளி 25. "இந்தக் கோட்டுக்குள்ள எது உண்மையா இருந்தாலும் உன் வயல் ஆச்சரியப்படாது. இதுல 25-க்கு வலப்பக்கம் எவ்வளவு இருக்கு, இடப்பக்கம் எவ்வளவு இருக்கு, பாரு" என்றார். இரண்டு பக்கமும் நிறைய இருந்தது. சாறு நல்ல லாபமும் தரலாம், மகசூலைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யலாம். என் சோதனையால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. அப்படியிருக்க "பயனில்லை" என்று எந்த தைரியத்தில் எழுதினேன்?

கேனின் லேபிளில் 25 சதவீதம் வரை மகசூல் கூடும் என்று அச்சடித்திருந்தார்கள். 621-இல் 25 சதவீதம் 155. அது என் கோட்டுக்கு வெளியே மயிரிழையில் நிற்கிறது. 15 சதவீதம் என்றால் 93, அது உள்ளேதான் இருக்கிறது. ஆக அந்தக் கேன்காரர்களைப் பொய்யர்கள் என்று சொல்லவும் என் தரவில் இடமில்லை. போதாக்குறைக்கு அவர்கள் 'வரை' என்று வேறு போட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லை எந்தப் புள்ளியியலாலும் அசைக்க முடியாது.

இதுவரை படித்ததும், என்.எஸ். வந்தால் எப்போதும் "தெரியவில்லை" என்றுதான் எழுத வேண்டும் போல என்று தோன்றலாம். இல்லை. அதே ஏட்டில் இன்னொரு என்.எஸ். இருந்தது: நூறு விதை எடை. சாறு கலந்ததில் 4.15 கிராம், கலக்காததில் 4.12. வித்தியாசம் 0.03, நம்பிக்கை இடைவெளி கழித்தல் 0.11 முதல் 0.17 வரை. இதற்கு மட்டும் நல்லவேளையாக, ஆய்வு தொடங்கும் முன் தருகிற திட்டச் சுருக்கமான சினாப்சிஸைக் கொடுக்கும்போதே, 0.25 கிராமுக்குக் குறைவான மாற்றத்தைப் பொருட்படுத்தப் போவதில்லை என்று எழுதி வைத்திருந்தேன். கைடு வற்புறுத்தியதால் எழுதியது. இடைவெளி முழுவதும் அந்த எல்லைக்குள் அடங்கிவிட்டது. இங்கே தயங்கத் தேவையில்லை. "சாறு கலப்பதால் விதைப் பருமனில் பொருட்படுத்தத்தக்க மாற்றம் இல்லை" என்று நேராகவே எழுதலாம். இங்கே போய் "காட்ட முடியவில்லை" என்று இழுப்பதுதான் தவறு.

இரண்டுக்கும் அட்டவணையில் ஒரே என்.எஸ்.தான். ஒன்றுக்கு எழுத வேண்டிய வாக்கியம் "இல்லை", மற்றதற்கு "இந்தச் சோதனையால் சொல்ல முடியவில்லை". எது எங்கே என்பதை பி மதிப்பு சொல்லாது. இடைவெளியையும் பொருட்படுத்தும் எல்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். மகசூலுக்கான 25 கிலோ எல்லையை நான் முடிவு வந்த பிறகு, முத்தியால்பேட்டைத் திண்ணையில் போட்டேன் என்பதையும் ஏட்டில் ஒளிக்காமல் எழுதினேன். "இவ்வெல்லை தரவைப் பார்த்த பின் கணக்கிடப்பட்டது" என்ற ஒரு வரி. அதை எழுதும்போது கை கூசியது உண்மை. ஆனால் வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்க எதுவும் மிச்சம் இல்லாததால் என்று நினைக்கிறேன்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப உட்கார்ந்தபோது சார் காட்டிய இன்னொன்று எனக்குப் பெரிய ஆறுதல். என் சோதனையிலேயே ஏற்கெனவே பலன் தெரிந்த ஒரு ட்ரீட்மென்ட் இருந்தது: டி.ஏ.பி. தண்ணீரைவிட அது 123 கிலோ கூடுதல், சி.டி.யைத் தாண்டியது. அதாவது, மழை, தேமல் எல்லாம் இருந்தும் என் வயல் ஒரு உண்மையான பலனைக் காட்டும் நிலையில்தான் இருந்தது. இந்த ஒரு வாக்கியம் நான் முதலில் எழுதிய மழைக்காரணத்தை முழுசாகக் காலி செய்துவிட்டது. பலன் வரவில்லை என்று எழுதுகிறவர்கள் தங்கள் சோதனைக்குள் இப்படி ஒரு 'தெரிந்த பலன்' இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் அதை விவாதத்தின் இரண்டாவது வாக்கியமாகவே வைக்கலாம். அதிலும் அளவு மீறக் கூடாது. டி.ஏ.பி.யின் இடைவெளி 8 முதல் 238 வரை. பெரிய பலனைக் காட்ட முடிந்த வயல், சின்னப் பலனையும் காட்டியிருக்கும் என்று பொருள் இல்லை.

இனி, வகுப்புத் தோழர்கள் அன்போடு காட்டிய குறுக்கு வழிகள்.

ஒருவன் சொன்னான்: "சாறு கலந்தது 658, தண்ணி 498. 160 கிலோ வித்தியாசம், சூப்பரா சிக்னிஃபிகன்ட். அதைத் தலைப்பா போட்டு, 'கடற்பாசிச் சாறு கலந்த தெளிப்பு மகசூலைக் கணிசமாக உயர்த்தியது'ன்னு எழுதிடு." எழுதினால் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அந்த 160-இல் 123 டி.ஏ.பி.யின் வேலை. கேள்வி 'சாறு சேர்த்தால் கூடுமா' என்பது, பதில் 'டி.ஏ.பி.யும் சாறும் சேர்ந்தால் வெறும் தண்ணீரைவிட நல்லது' என்பது. ஒப்பிடும் ஆளை நைசாக மாற்றிவிடுவது. நான் பார்த்தவரை எங்கள் துறையில் மிகைக்கூற்று பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறது, எழுதுகிறவருக்கே தெரியாமல். மருத்துவத்திலும் இதே கதைதான். முதன்மைக் கேள்விக்கு சிக்னிஃபிகன்ட் முடிவு வராத 72 சோதனைக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்து, 2010-இல் ஒரு குழு எழுதியது. அவற்றில் 42-இன் சுருக்க முடிவுரையில் இப்படிப்பட்ட ஏதோ ஒரு பூச்சு வேலை இருந்தது.

இதற்கு எளிய சோதனை ஒன்று வைத்திருக்கிறேன். சினாப்சிஸில் எழுதிய நோக்கத்தை வெட்டி எடுத்து, விவாதத்தின் முதல் வாக்கியத்துக்கு மேலே ஒட்டிப் பார்ப்பேன். கேள்வியும் பதிலும் ஒரே இரண்டு பேரைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

இன்னொருவனின் யோசனை, 60-ஆம் நாள் காய் எண்ணிக்கை. மொத்தம் 11 பண்புகளை அளந்திருந்தேன். அதில் இது மட்டும் சி.டி.யைத் தாண்டியிருந்தது. அதை முன்னால் நிறுத்திக் கதை சொல்லலாம் என்றான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 11 அளவீடுகள் என்று வைத்தால், எந்தப் பலனும் இல்லாமலே ஒன்றாவது தற்செயலாகத் தாண்டுவதற்கான வாய்ப்பு 43 சதவீதம். பயிர்ப் பண்புகள் ஒன்றோடொன்று பிணைந்தவை, ஆகவே சரியான எண் அதுவல்ல. ஆனாலும் நூற்றுக்கு ஐந்து என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அது போதுமான அதிர்ச்சி. காய் எண்ணிக்கையை மறைக்கவில்லை. "11 பண்புகளில் இது மட்டும் வேறுபட்டது, அறுவடை மகசூலில் அதன் எதிரொலி தெளிவாக இல்லை" என்று எழுதி அடுத்ததற்குப் போய்விட்டேன்.

மூன்றாவது யோசனை கொஞ்சம் படித்தவர் சொன்னது. கிடைத்த வித்தியாசத்தையே போட்டு, சோதனையின் திறனை, அதாவது பவரை, பின்னோக்கிக் கணக்கிட்டு, "பவர் குறைவாக இருந்ததால் பலன் தெரியவில்லை" என்று எழுதச் சொன்னார். கேட்க அறிவியல்பூர்வமாக இருக்கும். ஆனால் கிடைத்த வித்தியாசத்தை வைத்துப் போடும் பவர், பி மதிப்பையே வேறு சட்டை போட்டுக் காட்டுவது. பி பெரிதாக இருந்தால் அது சிறிதாகத்தான் வரும், எப்போதும். ஹோனிக், ஹைசி என்ற இருவர் 2001-லேயே இதை விளக்கி எழுதிவிட்டார்கள். என் பி ஏறக்குறைய 0.5. பவர் குறைவு என்று சொல்ல அதற்கு மேல் ஒரு கணக்கு தேவையே இல்லை. சொல்ல வேண்டியது இடைவெளியின் அகலத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

குறைபாடுகளை எழுதுவதில்தான் எனக்கு அதிக நேரம் போனது. பழைய பட்டியல் முறையில் குறைகள் எல்லாம் வரிசையாக நின்று மன்னிப்புக் கேட்கும். சார் ஒரே ஒரு விதி சொன்னார்: ஒவ்வொரு குறையும் வித்தியாசத்தை எந்தப் பக்கம் தள்ளியிருக்கும் என்று எழுது, எழுத முடியவில்லையென்றால் அந்தக் குறையை எடுத்துவிடு. அதன்படி பார்த்தால் மழை போய்விட்டது, எல்லாப் பாத்திக்கும் பொது. தேமலும் போய்விட்டது, எண்ணவில்லை. மிஞ்சியது இரண்டு. ஒன்று, பாத்திகளுக்கு நடுவே ஓரடி வரப்புதான் இருந்தது. பிற்பகல் காற்றில் தெளிப்புத் திவலை பக்கத்துப் பாத்திக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் சாறு இல்லாத பாத்திக்கும் கொஞ்சம் சாறு கிடைத்திருக்கும், ஆகவே உண்மை வித்தியாசம் நான் அளந்ததைவிடக் கூடுதலாக இருக்கலாம். எவ்வளவு என்று அளக்கவில்லை. இரண்டு, அறுவடை இயந்திரத்தின் டயர் போன தடத்தில் உளுந்து முளை நசுங்கி, பாத்திக்குப் பாத்தி செடி எண்ணிக்கை மாறியது. இது எந்தப் பக்கமும் சாய்க்காது, ஆனால் இடைவெளியை அகலமாக்கும். நெல் தரிசில் இதைச் செய்யப்போகிறவர்கள் தயவுசெய்து சோதனைப் பாத்திகளில் நெல்லைக் கையால் அறுங்கள், ஆள் கிடைப்பது பெரும்பாடுதான் என்றாலும்.

"மேலும் ஆய்வு தேவை" என்ற வரி எல்லா ஏட்டின் கடைசியிலும் இருக்கும், கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை நாடும்' மாதிரி. எவ்வளவு தேவை என்று போட்டால்தான் அது வாக்கியம். என் வயலில் பாத்திக்குப் பாத்தி இருந்த பிசகு எக்டருக்கு 74 கிலோ அளவு. அதை வைத்துப் போட்டால், உண்மையில் 93 கிலோ வித்தியாசம் இருந்து அதை நூற்றுக்கு 80 தடவை பிடிக்க வேண்டுமென்றால் சுமார் 10 ரெப்ளிகேஷன் வேண்டும். 60 கிலோவுக்கு 25. காசு திரும்பும் அந்த 25 கிலோவைப் பிடிக்கவோ ஏறக்குறைய 140. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயமே புரிந்தது. நான்கு ரெப்ளிகேஷனில் இந்தக் கேள்விக்குப் பதில் வரவே வராது, யார் செய்திருந்தாலும். தவறு என் கை ராசியில் இல்லை. கேள்விக்கும் வயல் அளவுக்கும் பொருத்தம் இல்லை. பல விவசாயிகளின் வயலில் இரண்டிரண்டு துண்டாகப் போட்டுப் பார்ப்பதுதான் வழி என்று எழுதினேன், அங்கே பிசகு வேறாக இருக்கும் என்ற எச்சரிக்கையோடு.

கடைசியில் ஏட்டில் போன பத்தி இது. மூலம் ஆங்கிலம், தமிழில் சொல்கிறேன்:

"2 சதவீத டி.ஏ.பி. கரைசலில் கடற்பாசிச் சாறு கலந்தபோது மகசூல் எக்டருக்கு 37 கிலோ கூடுதலாக இருந்தது (95 சதவீத நம்பிக்கை இடைவெளி: 78 கிலோ குறைவு முதல் 152 கிலோ கூடுதல் வரை). அதே சோதனையில் டி.ஏ.பி. தெளிப்பின் பலன் வெளிப்பட்டது. சாற்றின் செலவை ஈடுகட்டத் தேவையான 25 கிலோ இந்த இடைவெளிக்குள் அடங்குவதால், சாறு கலப்பது லாபமா இல்லையா என்பதை இச்சோதனை தீர்மானிக்கவில்லை. 152 கிலோவுக்கு மேற்பட்ட உயர்வை இத்தரவு ஆதரிக்கவில்லை. விதைப் பருமனில் பொருட்படுத்தத்தக்க மாற்றம் இல்லை."

இதில் 'துரதிருஷ்டவசமாக' இல்லை, 'எண்ணளவில் கூடியிருந்தும்' இல்லை, 'ஆன் பார்' இல்லை. 37 கிலோவை மறைக்கவும் இல்லை, தூக்கிப் பிடிக்கவும் இல்லை. வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் இந்தப் பத்தியை இரண்டு தடவை படித்தார். "அப்ப ரெக்கமண்டேஷன் என்ன?" என்றார். "டி.ஏ.பி. தெளிப்பைத் தொடரலாம் சார். சாறு பற்றி என்னிடம் ரெக்கமண்டேஷன் இல்லை" என்றேன். அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அப்புறம் செடி இடைவெளியைப் பற்றி வேறு கேள்வி கேட்டார்.

ஏடு பைண்டிங் முடிந்து வந்ததும் ஒரு பிரதியோடு வயல்காரரைப் பார்க்கப் போனேன். இருபது பாத்திக்கும் இடம் கொடுத்த மனுஷர். முதல் பக்கத்தில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, சுத்தி வளைக்காம சொல்லு. அந்தப் பாசித் தண்ணிய அடிக்கலாமா, வேணாமா?"

"டி.ஏ.பி.ய விட்டுடாதீங்கண்ணே. பாசிச் சாறு லாபமா நட்டமான்னு நம்ம வயல் சொல்லல. காசு போட்டு வாங்குங்கன்னு நான் சொல்ல மாட்டேன், வாங்காதீங்கன்னும் சொல்ல மாட்டேன்."

"இதுக்கா ரெண்டு வருஷம்?"

"ஆமாண்ணே."

கொஞ்சம் யோசித்தார். "கொட்டாயில மிச்சம் ஒரு கேன் கெடக்கே, அத எடுத்துட்டுப் போறியா?"

"இல்லண்ணே, எனக்கு வேலை முடிஞ்சுது."

"அப்ப சரி, அது இங்கியே கெடக்கட்டும். சும்மா கெடைக்கிறதுதானே, இந்தத் தை மாசம் அடிச்சுப் பாக்குறேன்" என்றார். அவர் கணக்கில் தவறே இல்லை. காசில்லாத சாறுக்கு ஈடுகட்ட வேண்டிய 25 கிலோவும் இல்லை.